மூலதன வருமானத்துக்கு வரி வேண்டாம் என்போர் சொல்லாமல் விடும் பாதி: சென்னையின் மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னைத் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நிதி மசோதா விவாதத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு வாதம் தலைகாட்டுகிறது. வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்ற ஆதாயம் ஆகியவற்றின் மீதான வரியைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் இல்லாமலே செய்துவிட வேண்டும்; இது பொருளியல் நிரூபித்த உண்மை என்கிறார்கள். சென்னையில் ஒரு கல்லூரியில் பொதுநிதிப் பாடம் நடத்துகிறவள் நான். அந்த நிரூபணத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். அது பொய்யில்லை. ஆனால் மேடைகளில் அதன் பாதிதான் பேசப்படுகிறது. உங்கள் வாக்கு அந்தப் பாதியை நம்பி விழக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அரசுக்குக் குறிப்பிட்ட தொகை வேண்டும். மக்களுக்கு மிகக் குறைந்த சேதத்தோடு அதை எப்படித் திரட்டுவது? 1927-இல் ஃபிராங்க் ராம்சே எழுப்பிய கேள்வி இது. அதே வழியில், 1985-இல் கென்னத் ஜட்டும் 1986-இல் கிறிஸ்டோஃப் ஷாம்லியும் என இரு பொருளியலாளர்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: நீண்ட காலத்தில் மூலதன வருமானத்தின் மீதான வரி விகிதம் சுழியத்தை அடைய வேண்டும். ஏழைகளின் நலனையே குறியாகக் கொண்ட அரசுக்கும் இது பொருந்தும் என்று ஜட் சொன்னதுதான் எல்லோரையும் திடுக்கிட வைத்தது.

இதன் முதல் காரணம் கூட்டுவட்டி. விலைவாசி உயர்வைக் கழித்து ஆண்டுக்கு 6 சதவீதம் தரும் முதலீட்டில் ஒருவர் 1 லட்சம் ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி இல்லாவிட்டால் 30 ஆண்டுகளில் அது 5.74 லட்சமாகும். ஆண்டுதோறும் வருமானத்தில் 30 சதவீதம் வரி போனால் கையில் நிற்பது 4.2 சதவீதம், அதே 30 ஆண்டுகளில் 3.44 லட்சம்தான் சேரும். ஓராண்டு மட்டும் காத்திருந்து செலவழிப்பவருக்கு இந்த வரி 1.7 சதவீத விற்பனை வரிக்குச் சமம். பத்தாண்டு காத்திருப்பவருக்கு ஏறத்தாழ 19 சதவீதம், முப்பது ஆண்டு காத்திருப்பவருக்கு 67 சதவீதம். விகிதம் மாறவே இல்லை. ஆனாலும் காத்திருக்கும் காலம் நீள நீளச் சுமை ஏறிக்கொண்டே போகிறது. இன்று வாங்கும் சோற்றுக்கு ஒரு வரியும் முதுமையில் வாங்கப்போகும் அதே சோற்றுக்குப் பன்மடங்கு வரியும் போடும் அரசை யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள். முடிவில்லாத காலத்துக்கு நீட்டினால் இந்த இடைவெளியும் எல்லையின்றி வளரும்.

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. இடதுசாரி மனம் கொண்டவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டியது. நீண்ட காலத்தில், வரி போகக் கையில் 4 சதவீதம் நின்றால்தான் சேமிப்பைத் தொடர்வோம் என்று சேமிப்பவர்கள் இருப்பதாகக் கோட்பாடு கொள்கிறது. 30 சதவீத வரி வந்தால், மூலதனம் வரிக்கு முன் 5.7 சதவீதம் ஈட்டியாக வேண்டும். அப்படி ஈட்டுவதற்கு ஒரே வழி, மூலதனம் அரிதாவது. புதிய இயந்திரங்கள் வாங்கப்படுவதில்லை, பழையவை தேய்ந்து போகின்றன. ஒரு தொழிலாளியின் கைக்கு எட்டும் கருவிகள் குறைகின்றன.

அம்பத்தூரில் ஒரு பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணால் பார்க்க, பொருளாதாரத்தின் மொத்த உற்பத்தியை 100 என்று கொள்வோம். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.7, கூலி, 33.3 மூலதனத்தின் பங்கு. இவ்வளவு மூலதனமும் உழைப்பும் சேர்ந்தால் இவ்வளவு விளையும் என்று சொல்லும், பாடநூல்களில் வழக்கமான உற்பத்திச் சார்பை வைத்து, தேய்மானத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், 30 சதவீத வரிக்குப் பின் மூலதனம் இறுதியில் 41 சதவீதம் சுருங்கும். உற்பத்தி 83.7 ஆகும். கூலி 55.8 ஆகும். மூலதன வருமானம் 27.9, அதில் அரசுக்குக் கிடைக்கும் வரி 8.4. அந்த வரி முழுவதையும் ஒரு பைசா மிச்சமில்லாமல் தொழிலாளர்களிடமே கொடுத்துவிட்டாலும் அவர்கள் கைக்கு வருவது 64.2 தான். முன்பு 66.7 வாங்கினார்கள். முதலாளியின் மேல் போட்ட வரியைத் தொழிலாளி கட்டியிருக்கிறார். அதற்கு மேலும் இழந்திருக்கிறார்.

ஜட்டின் முடிவுக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது. பணக்காரர்களுக்காகத் தைத்த வாதம் என்று இதைத் தள்ளிவிடுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

இனி, சொல்லப்படாத பாதி.

கணக்கில் வந்த சேதம் முழுவதும் மூலதனம் சுருங்கியதால் வந்தது. ஆனால் இன்று ஏற்கெனவே கட்டி நிற்கும் தொழிற்சாலை, இன்று அறிவிக்கும் வரியைப் பார்த்து நேற்றுக்குத் திரும்பிப் போய்ச் சுருங்காது. ஆகவே பழைய மூலதனத்தின் மீதான வரி யாருடைய முடிவையும் கெடுப்பதில்லை. ஷாம்லியின் தீர்வு இதை ஒளிக்கவில்லை: தொடக்கக் காலத்தில் வரியை அனுமதிக்கப்பட்ட உச்சத்துக்கே ஏற்று; அவருடைய மாதிரியில் அந்த உச்சம் வருமானத்தில் 100 சதவீதம். அப்படித் திரட்டியதை வைத்துக்கொண்டு பிற்காலத்தில் சுழியத்துக்கு இறங்கு. சுழியம் பயணத்தின் கடைசி நிறுத்தம். முதல் நிறுத்தத்தை மறைத்துவிட்டுக் கடைசியை மட்டும் காட்டுபவர் ஷாம்லியின் பெயரைச் சொல்லத் தகுதியில்லாதவர்.

நம் நாட்டில் நடந்ததை இதோடு ஒப்பிடுங்கள். பட்டியலிடப்பட்ட பங்குகளின் நீண்டகால ஆதாயத்துக்கு 2004 அக்டோபர் முதல் வரி இல்லை. 2018 ஏப்ரலில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 10 சதவீத வரி திரும்ப வந்தது. அப்போது, 2018 ஜனவரி 31 வரை ஏறியிருந்த ஆதாயத்துக்கு விலக்கு தரப்பட்டது. முதலீட்டாளர் நம்பிக்கை என்ற அளவில் அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் ஷாம்லியின் வரிசைக்கு இது நேர் தலைகீழ்: பழையதற்கு விலக்கு, புதியதற்கு வரி. இதே நிகழ்வு இன்னொன்றையும் காட்டுகிறது. நாளை வரி இருக்காது என்று இன்று வாக்களிக்கும் அரசுக்கு, நாளை வந்ததும் அன்றைய மூலதனமும் பழைய மூலதனமாகத்தான் தெரியும், கைவைக்கத் தோன்றும். ஃபின் கிட்லண்டும் எட்வர்ட் பிரெஸ்காட்டும் 1977-இலேயே இந்தச் சிக்கலை எழுதிவிட்டார்கள். சுழிய வரி என்பது எந்த மக்களவையும் தன் வாரிசு அவைக்காகக் கொடுக்க முடியாத வாக்குறுதி.

அடுத்தது கோட்பாட்டின் உள்ளேயே இருந்த விரிசல். லுட்விக் ஸ்ட்ராபும் இவான் வெர்னிங்கும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, ஜட்டின் மாதிரியை அப்படியே எடுத்து மறுபடி தீர்த்தது. சேமிப்பவர் எதிர்கால வரிக்கு எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பின்னால் வரி கூடும் என்று தெரிந்தால் சிலர் இன்றைக்கே செலவழித்துவிடுவார்கள். வேறு சிலர் வயிற்றைக் கட்டி இன்னும் அதிகம் சேர்ப்பார்கள். மகளின் கல்யாணத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்துச் சேர்க்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். வட்டி குறைந்தால் அந்த வீட்டில் மாதச் சேமிப்பு கூடும். மூலதனம் வைத்திருப்போரிடம் இந்த இரண்டாவது குணம் ஓங்கியிருந்தால், வரி சுழியத்துக்குப் போகவே போகாது; நீண்ட காலத்திலும் நேர்மறையாகவே நிற்கும். முதல் குணம் சற்றே ஓங்கியிருந்தால் சுழியத்தை அடையும், ஆனால் அதற்கு நூற்றாண்டுகள் ஆகலாம். ‘இறுதியில்’ என்பதன் நீளம் அவ்வளவு.

மூன்றாவது, சென்னைக்காரர்கள் கண்ணால் பார்ப்பது: நிலம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஆறுவழிப் பாதை வந்தது, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்தன, இப்போது சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வேலை நடக்கிறது. சோழிங்கநல்லூரில் வெறும் மனையைச் சும்மா வைத்திருந்தவரின் சொத்து இவற்றால் பெருகியது. அவர் காத்திருந்தார், உண்மை. ஆனால் அவர் காத்திருந்ததால் ஒரு சதுர அடி நிலம்கூடப் புதிதாக முளைக்கவில்லை. வரி போட்டாலும் ஒரு சதுர அடி குறையாது. அம்பத்தூர்க் கணக்கில் கூலியை வீழ்த்திய சுருக்கம் இங்கே நடக்க வழியே இல்லை. சுழிய வரிக் கோட்பாடு சேமிப்பால் உருவாகும் மூலதனத்தைப் பற்றியது. நில ஆதாயத்துக்கு அதைச் சாட்சியாக அழைப்பது தவறு.

நம் சட்டத்தில் யாருக்குச் சுமை அதிகம் என்று இப்போது பாருங்கள். மாம்பலத்தில் ஒரு வங்கிக் கிளை ஏப்ரலில் தரும் வட்டிச் சான்றிதழில் இரண்டு எண்கள் இருக்கும்: கொடுத்த வட்டி, பிடித்த வரி. விலைவாசிக்கு அதில் இடமில்லை. 1 லட்சம் ரூபாய் டெபாசிட்டுக்கு 7 சதவீதம் என்றால் வட்டி 7,000. விலைவாசி 5 சதவீதம் ஏறினால் அதில் 5,000 முதலின் மதிப்பைக் காப்பதற்கே சரி. உண்மையான வருமானம் 2,000. ஆனால் வரி முழு 7,000-க்கும் விழும். 20 சதவீதப் படியில் இருப்பவருக்கு 1,400; 30 சதவீதப் படியில் 2,100. அதாவது உண்மையான வருமானம் முழுவதும் போய், மேலும் நூறு ரூபாய் முதலிலிருந்து போகிறது. பங்குகளின் நீண்டகால ஆதாயத்துக்கோ 2024 ஜூலை 23 முதல் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம், நிலத்துக்கும் 12.5 சதவீதம். பங்கின் லாபம் ஏற்கெனவே நிறுவன வரியைத் தாண்டி வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வித்தியாசத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. நிலத்துக்கு அந்த நியாயமும் இல்லை.

ஜட், ஷாம்லி ஆகியோரின் பெயரால் யாருக்காவது வரிச்சலுகை தர வேண்டுமென்றால், முதல் ஆள் அந்த டெபாசிட்தாரர்தான். காத்திருந்ததற்கான கூலி மட்டுமே அவருக்குக் கிடைக்கிறது. அதையும் வரி தின்றுவிடுகிறது. நீங்கள் கட்சிவாரியாகப் பிரிந்து வாக்களிக்கலாம், ஆனால் இந்த மூன்றையும் அவையில் கேட்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. வட்டி வருமானத்தில் விலைவாசி அளவுக்கான பகுதியை வரியிலிருந்து கழிக்கத் திருத்தம் கொண்டுவர முடியுமா? மூலதன ஆதாய வரியைக் குறைக்கும் எந்தப் பிரிவிலும் நிலத்தைத் தனியாகப் பிரித்து நிறுத்த முடியுமா? குறைப்பு என்று வந்தால், அது அறிவித்த நாளுக்குப் பிறகு செய்யும் புதிய முதலீட்டுக்கு மட்டுமா, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட சொத்துக்கும் சேர்த்தா? கடைசிக் கேள்விக்கு நிதியமைச்சகம் தரும் பதில் அவைக்குறிப்பில் ஏற வேண்டும். மேலே உள்ள கணக்குகளை வரி வரியாக எழுதி மூன்று அலுவலகங்களுக்கும் அனுப்பி வைக்கிறேன். விளக்கம் வேண்டுமென்றால் நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
தென்சென்னைத் தொகுதி வாக்காளர் ஒருவர்,
பொருளியல் ஆசிரியை