மூன்று சகோதரர்களுக்கு மூன்று மரபுகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மா,

கருத்தரங்குக்கு நீ எழுதிய வரைவை இரண்டு முறை படித்தேன். உழைத்திருக்கிறாய். ஆனால் இஸ்லாத்தில் எல்லாம் விதி, கிறிஸ்தவத்தில் மனிதனுக்குச் சுதந்திரம், இந்து மதத்தில் கர்மம் என்று ஆளுக்கொரு பெட்டி கொடுத்திருக்கிறாயே, அதை மட்டும் எடுத்துவிடு. முஃதஸிலாக்கள் முஸ்லிம்கள்தான், மனிதனே தன் செயலை உண்டாக்குகிறான் என்று அடித்துப் பேசியவர்கள் அவர்கள். 1618-19இல் டோர்ட் நகரில் கூடிய சங்கமோ கிறிஸ்தவச் சங்கம். யார் மீட்படைவார் என்பதை உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தேர்ந்துவிட்டார் என்று தீர்மானித்தது. நம் பக்கத்தில் துவைத வேதாந்தி மத்வரோ சில ஆன்மாக்களுக்கு முக்தி அடையும் இயல்பே கிடையாது என்கிறார். அதனால் மதத்துக்கு ஒரு பதில் என்று தேடாதே. ஒரு செயலை எடுத்துக்கொள். அதில் கடவுளின் பங்கு எது, மனிதனின் பங்கு எது என்று கேள். மூன்று மரபும் அங்கேதான் நேருக்கு நேர் சந்திக்கின்றன.

முதலில் கலீஃபா உமர். ஷாமுக்கு, அதாவது சிரியாப் பகுதிக்குப் போகும் வழியில் சர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வருகிறது. பலரிடமும் ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்பிப் போக முடிவெடுக்கிறார். தளபதி அபூ உபைதா கேட்கிறார்: “அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?” உமர் சொல்கிறார்: “ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம்.” ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி, ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அதுவும் அவன் விதிதானே என்று விளக்கமும் தருகிறார். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸ் இது.

இதை முஃதஸிலாக்களை எதிர்த்த இஸ்லாமிய இறையியலாளர் அஷ்அரீயிடம் கொண்டுபோனால் என்ன சொல்வார்? உமர் திரும்பி நடந்த அந்த நடையைப் படைத்தவன் இறைவன். நடப்பதற்கான ஆற்றலையும் அதே கணத்தில் படைத்தவன் அவனே. ஆனாலும் அது உமரின் செயல், ஏனென்றால் அவர் அதை ஈட்டிக்கொண்டார். இந்த ஈட்டலுக்கு ‘கஸ்பு’ என்று பெயர். இதற்கு அஷ்அரீ காட்டும் ஆதாரம் மிக எளிமையானது: காய்ச்சலில் உடம்பு நடுங்குவதற்கும் நாமாக எழுந்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் படைத்தவன் ஒருவனே. இரண்டாவதில் மட்டும் நம்முடைய ஆற்றல் உடனிருக்கிறது. சரி, அந்த ஆற்றல் எதையும் விளைவிக்காதென்றால் அது இருந்து என்ன பயன் என்று எதிராளிகள் விடாமல் கேட்டார்கள். ‘அஷ்அரீயின் கஸ்பைவிடப் புரியாதது’ என்று பழமொழியே உண்டாகிவிட்டது. எனக்கும் அந்த இடம் பலவீனமாகத்தான் படுகிறது. ஆனால் அவர் காக்க நினைத்தது எதை என்று பார். படைப்பவன் ஒருவனே என்பதை. அதை விட்டுக்கொடுத்தால் ஏகத்துவமே போய்விடும் என்று அஞ்சினார்.

அடுத்து தாவீது. பைபிளில் 1 சாமுவேல் 23ஐ எடுத்துப் படி. கேகிலா ஊரைப் பெலிஸ்தரிடமிருந்து மீட்ட தாவீது அங்கேயே தங்கியிருக்கிறான். தன்னைக் கொல்லத் தேடும் அரசன் சவுல் அங்கே வருவானா என்று கடவுளிடம் கேட்கிறான்; வருவான். ஊரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். தாவீது தன் ஆட்களோடு வெளியேறிவிடுகிறான். அதைக் கேட்ட சவுல் வரவே இல்லை. அப்படியானால் கடவுள் சொன்னது எதைப் பற்றி? நடக்காத ஒன்றைப் பற்றி. லூயிஸ் டி மோலினா என்ற ஸ்பானிய இயேசு சபைக் குரு, 1588இல் வெளியிட்ட நூலில் இதிலிருந்துதான் வலு தேடுகிறார். எந்தச் சூழலில் எந்த மனிதன் தன் விருப்பப்படி என்ன செய்வான் என்பது, எதையும் தீர்மானிப்பதற்கு முன்பே கடவுளுக்குத் தெரியும். அந்த அறிவைக் கொண்டு எந்தச் சூழலைப் படைப்பது என்று அவர் முடிவெடுக்கிறார். இப்படியானால் உலகம் கடவுளின் திட்டப்படியே நடக்கும், செயலும் மனிதனுடையதாகவே இருக்கும். தொமினிக்கன் சபையினர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இது கடவுளை மனிதனின் முடிவுக்குக் காத்திருப்பவராக்குகிறது, அருளின் வல்லமையைக் குறைக்கிறது என்றார்கள். ரோமில் பல வருடம் விசாரணை நடந்தது. 1607இல் போப் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரை ஒருவர் கண்டனம் செய்யாதீர்கள் என்று சொல்லி முடித்துவைத்தார்.

மூன்றாவது ராமானுஜர். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில், இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் இந்த விவாதம் வருகிறது. ஜீவன் கர்த்தாதான், அதாவது செயலைச் செய்பவன்தான், இல்லாவிட்டால் இதைச் செய், அதைச் செய்யாதே என்று சாஸ்திரம் சொல்வது வீண். ஆனால் அந்தக் கர்த்தாத் தன்மையும் பரமாத்மாவிடமிருந்தே வருகிறது. அப்படியென்றால் பாவம் யாருடையது? ஜீவனின் முதல் முயற்சியைப் பார்த்தே ஈசுவரன் அனுமதி தருகிறான் என்கிறார். அவர் தரும் உதாரணம் பத்திரப் பதிவு அலுவலகம் தெரிந்த நமக்கு உடனே புரியும். இரண்டு பேருக்குப் பொதுவான சொத்து. ஒருவர் அதை வேறொருவருக்குக் கொடுக்க நினைக்கிறார். இன்னொரு பங்காளி சம்மதிக்காமல் அது நடக்காது. ஆனாலும் சம்மதம் கேட்டு வாங்கியவர் கொடுக்க நினைத்தவர்தான், அதனால் பலன் அவருக்கே சேரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை மோலினாவோடு ஒட்டிவிடலாம் என்று உனக்குத் தோன்றும். அவசரப்படாதே. மோலினாவின் கடவுள் மனிதன் செய்யப்போவதை முன்கூட்டியே அறிந்து உலகை அமைக்கிறார். ராமானுஜரின் ஈசுவரனோ உள்ளே இருந்து, முயற்சி எழும்போது சம்மதிக்கிறான். அங்கே வேலை செய்வது அறிவு, இங்கே அனுமதி. அப்புறம், அந்த முதல் முயற்சிகூடத் தேவையா என்று அவருக்குப் பின்வந்த வைணவர்களே பிரிந்தார்கள். பிள்ளை லோகாசாரியர் காரணமில்லாத கிருபை என்கிறார், வேதாந்த தேசிகர் ஒரு சிறு வியாஜமாவது, பெயருக்கு ஒரு சாக்காவது வேண்டும் என்கிறார். குட்டியைக் கவ்விப் போகும் பூனை, தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி என்று நம் ஊரில் வழங்கும் பேச்சு இதைப் பற்றியதுதான். டோர்ட் சங்கத்தை ஒப்பிட வேண்டுமானால் ராமானுஜரோடு வேண்டாம், இந்தப் பிரிவோடு ஒப்பிடு.

கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு அஷ்அரீயைப் பற்றி வழங்கும் மூன்று சகோதரர் கதையை வைத்துக்கொள். அவர் தன் முஃதஸிலா ஆசிரியர் ஜுப்பாயீயிடம் கேட்டாராம். ஒருவன் நல்லவனாக இறந்தான், ஒருவன் தீயவனாக, ஒருவன் குழந்தையாக. எனக்கும் வாழ்ந்து நல்லது செய்ய வாய்ப்புத் தந்திருக்கலாமே என்று குழந்தை கேட்டால்? “நீ வளர்ந்தால் பாவம் செய்வாய் என்று எனக்குத் தெரியும்” என்பான் இறைவன் என்றார் ஆசிரியர். அப்படியானால் தீயவன் கேட்பானே, என்னையும் குழந்தையிலேயே ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று? ஆசிரியரிடம் பதில் இல்லை.

கவனித்தாயா, ஜுப்பாயீ சொன்னது கேகிலா வகை அறிவேதான்: நடக்காததைப் பற்றிய அறிவு. அந்த அறிவைக் கடவுளுக்குக் கொடுத்ததுமே, ஏன் இவனை மட்டும் காப்பாற்றவில்லை என்ற கேள்வி வந்துவிடுகிறது. மோலினாவும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேதாந்தியோ மூவரின் முன்வினையும் வேறு என்று சட்டென்று சொல்லிவிடுவார். சரி, முதல் வினை எப்படி வேறானது என்று யாராவது எழுந்து கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். பிரம்ம சூத்திரமே அதற்கு முதல் என்று ஒன்று இல்லை, சம்சாரம் அநாதி என்று பதில் வைத்திருக்கிறது. ஆனால் படைப்புக்கு ஒரு தொடக்கம் உண்டு என்று நம்பும் மற்ற இருவராலும் அந்தப் பதிலைக் கடன் வாங்க முடியாது. உன் ஒப்பீடு நிற்கவேண்டிய எல்லை அதுதான். அதை மறைக்காமல் எழுது.

திருத்திய பிரதியை அனுப்பு. கஸ்பு பற்றிய பத்தியை நீ எப்படி எழுதுகிறாய் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா