மூலைக்கு உதைத்த கேப்டனைக் குறை கூறும் முன்: பயிற்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சிக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை ரக்பி ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் அனைவரும் நிற்கும்போதே நம் கேப்டனிடம் நீங்கள் கூறிய சொற்களை, எல்லைக் கோட்டருகே பதிவேட்டோடு நின்றிருந்த நானும் கேட்டேன். "கையிலிருந்த மூன்று புள்ளியை வீசி எறிந்துவிட்டாய்" என்றீர்கள். 10–12 என்று பின்தங்கியிருந்தோம். 52ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை அவர் கம்பங்களுக்கிடையே கோலுக்கு உதைக்காமல், எதிரணி எல்லையருகே பக்கவாட்டு டச் கோட்டைத் தாண்டும்படி மூலைக்கு உதைத்தார். அங்கே பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடரும் லைன்அவுட்டில் எதிரணி பந்தைப் பறித்தது. அதன்பின் இரு அணிக்கும் புள்ளி விழவில்லை. இரண்டு புள்ளியில் தோற்றால் மூன்று புள்ளியைப் பற்றிப் பேசத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த மூன்று புள்ளி கையில் இருந்ததா என்பதே என் கேள்வி.

பெனால்டி கிடைத்த இடத்தை நினைத்துப் பாருங்கள். கம்பங்கள் நிற்கும் டிரைக் கோட்டிலிருந்து 30 மீட்டர், இடப்பக்க டச் கோட்டிலிருந்து 10 மீட்டர் உள்ளே. களத்தின் அகலம் 70 மீட்டர் என்பதால், கம்பங்களின் நடுப்பகுதிக்கும் அந்த இடத்துக்கும் பக்கவாட்டில் 25 மீட்டர் இடைவெளி. ஆகவே பந்து சாய்வாகக் கடக்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ 39 மீட்டர். கம்பங்களுக்கிடையே உள்ள 5.6 மீட்டர் வாயில், அந்தக் கோணத்திலிருந்து பார்க்கும்போது 4.3 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

"நம் உதைப்பாளர் நான்கில் மூன்றை அடிப்பவர், மூன்று புள்ளியில் முக்கால் பங்கு என்றால் 2.25" என்று நீங்கள் கணக்குச் சொன்னீர்கள். அந்த விகிதத்தை நான் மறுக்கவில்லை. அது எங்கிருந்து அடித்த உதைகளின் விகிதம் என்பதைத்தான் கேட்கிறேன். கடினமான கோணங்களில் கேப்டன்கள் பெரும்பாலும் கோலைத் தேர்ந்தெடுப்பதில்லை. எனவே பதிவேட்டில் ஏறியவை பெரும்பாலும் கம்பங்களுக்கு நேரே எடுத்த எளிய உதைகள். அவற்றின் சராசரியை ஓரத்திலிருந்து எடுக்கும் உதைக்குப் பொருத்தினால், நமக்கு இல்லாத திறமையை இருப்பதாக எழுதிக்கொள்கிறோம்.

மூலைக்கு உதைத்தவற்றின் நிலை இதைவிட மோசம். சென்ற பருவத்தில் "பயன் தந்தவற்றை மட்டும் குறித்தால் போதும், ஏடு நிரம்பிவிடுகிறது" என்று எனக்குச் சொல்லப்பட்டது. அதன்படி லைன்அவுட்டிலிருந்து டிரை விழுந்தவற்றை, அதாவது அந்தக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி பெற்றவற்றை, எழுதினேன். பந்தைப் பறிகொடுத்தவை, பந்தைச் சுற்றி இரு அணியும் திரண்டு தள்ளும் மாலில் சிக்கி நின்றுபோனவை, டச்சுக்கே போகாமல் எதிரணியின் கையில் விழுந்தவை எதுவும் ஏட்டில் இல்லை. பதினைந்து வீரர்கள் மழையிலும் சேற்றிலும் முட்டி மோதி இழந்த அந்தப் பந்துகளின் எண்ணிக்கையை இன்று யாராலும் மீட்க முடியாது. வகுக்க வேண்டிய எண்ணையே தொலைத்துவிட்ட பிறகு, ஒரு வீரரின் முடிவு கணக்குப்படி தவறு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

எல்லா பெனால்டிகளையும், கிடைத்த இடத்தோடும் இறுதி விளைவோடும், ஒரே பதிவேட்டில் எழுத ஒப்புதல் தாருங்கள் என்பதே என் கோரிக்கை.

அப்படி எழுதினால் என்ன தெரியும் என்பதை விளக்க, உண்மையான எண்கள் இல்லாததால், சில எண்களை வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை பெனால்டி கிடைத்த பகுதியிலிருந்து 20 முறை கோலுக்கு உதைத்து 11 முறை வென்றோம் என்றால், ஓர் உதையின் எதிர்பார்ப்பு 1.65 புள்ளி. மூலைக்கு 30 முறை உதைத்தோம் என்று கொள்ளுங்கள். 2 டச்சுக்குப் போகவில்லை. மீதி 28 லைன்அவுட்களில் 8 டிரை விழுந்து 40 புள்ளி. மாலில் விழும் டிரை பெரும்பாலும் ஓரத்தில் விழுவதால் அதன்பின் கோலுக்கு உதைக்கும் கன்வர்ஷன் கடினம், ஆகவே 4 மட்டும் நுழைந்து 8 புள்ளி. எதிரணி மீண்டும் பெனால்டி கொடுத்து, அதிலிருந்து 3 கோல், 9 புள்ளி. மொத்தம் 57. இதை 28 ஆல் அல்ல, 30 ஆல் வகுக்க வேண்டும். டச்சுக்குப் போகாத உதையும் கேப்டனின் அதே முடிவின் விளைவுதான். விடை 1.9.

இந்த எண்களின்படி, கோல் வெற்றி விகிதம் 63 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களில் கோலுக்கு உதைப்பது நல்லது, ஏனெனில் 1.9 ஐ 3 ஆல் வகுத்தால் வருவது அதுதான். கம்பங்களுக்கு நேரே 25 மீட்டரில் பத்தில் ஒன்பதை அடிப்பவருக்கு எதிர்பார்ப்பு 2.7, அங்கிருந்து மூலைக்கு உதைத்தால் நீங்கள் கண்டிப்பது நியாயம். சனிக்கிழமை பெனால்டியில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு கால் புள்ளிதான். முப்பது உதைகளில் கிடைத்த சராசரி தற்செயலாகவே அரைப் புள்ளி மேலோ கீழோ நகரக்கூடியது என்பதால், அந்த இடத்தில் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அதைத் தவறென்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை.

உதைக்குப் பிறகு நடப்பதையும் எழுத வேண்டும். கோல் நுழைந்தால் எதிரணி மையக் கோட்டிலிருந்து பந்தை நமக்கு உதைக்கிறது. அதைத் தவறவிட்டால் உடனே நெருக்கடியில் விழுகிறோம். கோல் தவறிப் பந்து களத்தின் பின்கோட்டைத் தாண்டினால் அவர்கள் 22 மீட்டரிலிருந்து உதைத்துத் தொடங்க, பெரும்பாலும் பந்து நம்மிடமே திரும்புகிறது. ஆகவே தவறிய உதை வெறும் பூச்சியம் அல்ல. மூலைக்கு உதைத்தவற்றிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: எதிரணியில் ஒருவர் மஞ்சள் அட்டை பெற்று வெளியே இருக்கும்போது எடுத்தவற்றைத் தனியே குறிக்காவிட்டால், சராசரி உயர்ந்து தெரியும்.

ஆட்டத்தின் கடைசி நிமிடங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு புள்ளி பின்தங்கி ஒரு நிமிடம் மீதமிருந்தால், சராசரியை விட்டுவிட்டு வெல்லும் வாய்ப்பைத்தான் பார்க்க வேண்டும். 2015 உலகக் கோப்பையில் வேல்ஸிடம் 25–28 என்று பின்தங்கிய இங்கிலாந்து, சமன் செய்யும் கோலை விட்டு மூலைக்கு உதைத்தது. லைன்அவுட்டில் பந்தை வென்றும் வேல்ஸ் வீரர்கள் அவர்களை டச்சுக்குத் தள்ளிவிட்டனர். கேப்டன் கிறிஸ் ராப்ஷா கடுமையாக விமர்சிக்கப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்புதான், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 29–32 என்று பின்தங்கிய ஜப்பான், சமன் செய்யும் கோலை மறுத்து ஸ்கிரம் கேட்டு, 34–32 என்று வென்று உலகெங்கும் பாராட்டப்பட்டது. இரண்டு கேப்டன்களும் ஏறத்தாழ ஒரே வகைத் துணிவைத்தான் காட்டினார்கள். நாமும் சனிக்கிழமை விளைவை வைத்துத்தான் தீர்ப்பெழுதினோம். நம் கேப்டனுக்கோ இன்னும் 28 நிமிடங்கள் மீதமிருந்தன.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். களத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்த ஒரு பக்கப் படிவத்தை வரைந்து வைத்திருக்கிறேன். பெனால்டி கிடைத்த பகுதி, தேர்ந்தெடுத்த உதை, அடுத்து ஆட்டம் நிற்கும் வரை இரு அணியும் பெற்ற புள்ளி, அப்போது களத்தில் இருந்தோர் எண்ணிக்கை ஆகிய நான்கு கட்டங்கள் மட்டுமே அதில் உள்ளன. தோற்ற உதைகளையும் அதில் எழுத அனுமதியுங்கள். ஏடு தீர்ந்தால் புதிய ஏட்டை நானே கொண்டுவருகிறேன். வியாழக்கிழமைப் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால், கேப்டனையும் உடன் வைத்துக்கொண்டு படிவத்தைக் காட்டுகிறேன். சனிக்கிழமை அவரிடம் சொன்னதைத் திரும்பப் பெறவும் அந்தப் பத்து நிமிடம் போதுமானதாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் அணியின் பதிவேட்டாளர்