அறுபதாவது அலகும் அறுபத்தோராவது அலகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மீற்றர் பார்க்க வருபவர் பிந்தி வந்ததால் தன் அலகுகள் அறுபதைத் தாண்டி, மின் பட்டியல் இரட்டிப்பாகிவிட்டது என்று சென்ற வாரம் மல்லாவி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஒட்டுசுட்டானில் சிறிய கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தவர்கள் மின் பட்டியலைக் கட்ட என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். பணத்தோடு சேர்த்து அவர்கள் கோபத்தையும் என் மேசையில்தான் வைக்கிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பட்டியல் இரட்டிப்பாவது உண்மை. ஆனால் பிந்தி வந்ததுதான் காரணம் என்பது சரியல்ல. சில வேளைகளில் முந்தி வருவதுதான் உதைக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்கா போன மாதம் இரண்டு பட்டியல்களை மேசையில் போட்டார். முதலாவதில் 65 அலகுகள். வரி சேர்க்காமல் 614 ரூபா 50 சதம். அடுத்ததில் 58 அலகுகள்தான். ஆனால் 1,151 ரூபா! "குறைத்து எரித்ததற்குத் தண்டனையா தம்பி?" என்று கேட்டார். எனக்கும் முதலில் தலை சுற்றியது. பட்டியலில் பிழையிருக்கும் என்றே நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே சரி.

2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்தே இதை விளக்குகிறேன். கட்டணம் பிறகு மாறினாலும், பட்டியலின் அமைப்பைப் புரிந்துகொள்ள இது போதும். மாதம் 60 அலகுகளுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகுகள் ஒன்றுக்கு 4 ரூபா 50 சதம், அடுத்த 30 அலகுகள் ஒன்றுக்கு 8 ரூபா. முப்பதைத் தாண்டினால் நிலையான கட்டணம் 210 ரூபா. சரியாக 60 அலகுகள் எரித்தால் 135, 240, 210 என்று மொத்தம் 585 ரூபா வரும்.

இனி 61 அலகுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடிய அந்த ஓர் அலகுக்கு மட்டும் கூடிய விலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அறுபதைத் தாண்டிய வீடு வேறொரு அட்டவணைக்குப் போய்விடுகிறது. அங்கே 4 ரூபா 50 சதமும் இல்லை, 8 ரூபாவும் இல்லை. முதல் 60 அலகுகளுக்குமே ஒன்றுக்கு 12 ரூபா 75 சதம். அதுவே 765 ரூபா. அறுபத்தோராவது அலகுக்கு 18 ரூபா 50 சதம். நிலையான கட்டணமும் 400 ரூபாவாக ஏறுகிறது. மொத்தம் 1,183 ரூபா 50 சதம். அந்த ஓர் அலகின் விலை 598 ரூபா 50 சதம்! ஏணிப்படி என்று சொல்கிறார்கள். எனக்கு அது கிணற்றுக்கட்டு மாதிரித்தான் தெரிகிறது.

தொண்ணூறிலும் ஒரு தாவல் உண்டு. 91 அலகு வந்தால் நிலையான கட்டணம் 400இலிருந்து 1,000 ரூபாவாகிறது. ஆனால் அங்கே கீழே எரித்த அலகுகளின் விலை மாறுவதில்லை. எரித்து முடித்த அலகுகளுக்கும் பழைய விலையைப் பறித்துக்கொள்வது அறுபதில் மட்டும்தான்.

அப்படியானால் 58 அலகு எரித்த அக்கா எப்படி அகப்பட்டார்? இந்த 30, 60 எல்லாம் முப்பது நாள் மாதத்துக்குரிய எல்லைகள். மீற்றர் வாசிப்பு எப்போதும் முப்பதாம் நாளில் நடப்பதில்லை. ஆகவே இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலான நாட்களுக்கு ஏற்ப எல்லைகளும் நீளும், சுருங்கும். முப்பது என்ற இடத்தில் நாட்களின் எண்ணிக்கையைப் போடுங்கள். அறுபது என்ற இடத்தில் அதன் இரு மடங்கைப் போடுங்கள்.

அக்காவின் முதல் பட்டியல் 33 நாட்களுக்கானது. எல்லை 66. அவர் எரித்த 65 அதற்குள் அடங்கிவிட்டது. 33 அலகுகள் 4 ரூபா 50 சதப்படி 148 ரூபா 50 சதம், மிச்சம் 32 அலகுகள் 8 ரூபாப்படி 256, நிலையான கட்டணம் 210. இரண்டாவது பட்டியல் 28 நாட்களுக்கானது. எல்லை 56. அவர் இரண்டு அலகுகளால் வரம்பு தாண்டிவிட்டார். 56 அலகுகள் 12 ரூபா 75 சதப்படி 714, இரண்டு அலகுகளுக்கு 37, நிலையான கட்டணம் 400. இவற்றுக்கு மேல் சமூகப் பாதுகாப்பு வரி என்று ஏறத்தாழ இரண்டரை சதவீதம் சேரும்.

மல்லாவி வாசகரும் தன் பட்டியலில் உள்ள இரண்டு வாசிப்புத் திகதிகளையும் எடுத்து, இடையில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்கட்டும். அதை இரண்டால் பெருக்கிய தொகையைவிட அலகுகள் கூடியிருந்தால், மீற்றர் வாசிப்பவர் எந்த நாளில் வந்திருந்தாலும், அந்த வாசகர் சராசரியாக ஒரு நாளுக்கு இரண்டு அலகுக்கு மேல் எரித்திருக்கிறார். அலகுகள் குறைவாக இருந்தும் 12 ரூபா 75 சதக் கணக்குப் போட்டிருந்தால் அதுதான் பிழை. பட்டியலோடு போய்த் தாராளமாகக் கேட்கலாம்.

ஒரு நாளுக்கு இரண்டு அலகு என்பது வன்னி வீட்டில் எப்படிக் கரைகிறது என்றும் சொல்ல வேண்டும். சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று நாளுக்கு ஏறத்தாழ ஓர் அலகு இழுக்கும். ஒரு குதிரைவலு நீரிறைக்கும் மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் கிட்டத்தட்ட இன்னோர் அலகு. சோளகம் அடித்துக் கிணறு வற்றும் மாதங்களில் நீர் ஆழத்துக்குப் போய்விடும். அதே மரக்கறிப் பாத்திக்கு மோட்டர் கூடுதல் நேரம் ஓட வேண்டும். மின்குமிழை அணை, விசிறியை அணை என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, மோட்டரைப் போட்டபடி அயல் வீட்டில் கதைத்துக்கொண்டு நிற்பவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். குப்பி விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். மின்சாரம் என்றால் இன்னும் எங்களுக்கு வெளிச்சம்தான் நினைவுக்கு வருகிறது.

மானிய விலை வறிய வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு அலகால் தவறிய வீடு ஒரே இரவில் வசதியான வீடாகிவிடுமா? எல்லையைத் தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலையைக் கூட்டியிருந்தால் யாரும் முறையிடப்போவதில்லை. கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இதைக் கவனிக்க வேண்டும். அதுவரைக்கும் "இத்தனை நாட்கள், உங்கள் எல்லை இத்தனை அலகு" என்று பட்டியலில் தமிழில் ஒரு வரியையாவது பெரிதாக அச்சிடலாம்.

அக்கா இப்போது வாசிப்பு நடந்த அன்றே மீற்றர் எண்ணைக் கதவுக்குப் பின்னால் சோக்கால் எழுதிவிடுகிறார். வாசிப்பவர் என்றைக்கு வருவார் என்று தெரியாததால், எந்த நாளிலும் அலகு நாட்களின் இரு மடங்கைத் தாண்டக்கூடாது என்பதுதான் அவருடைய கணக்கு. இருபதாம் நாள் பார்த்தபோது 43 ஆகியிருந்தது. மூன்று கூட. அன்று முதல் மோட்டரை இருபது நிமிடம் குறைத்துப் போட்டு, வாழைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் கட்டினார். வாசிப்பு 31ஆம் நாள் நடந்தது. எல்லை 62, அவர் எரித்தது 61. வரி நீங்கலாக 589 ரூபா 50 சதம்.

இப்படிக்கு,
கடைக்காரர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.