பொருள்: 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரி சொன்ன நேரம் ஓடாதது

அனுப்புநர்: பாம்பனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

14 மாதங்களுக்கு முன் உங்களிடம் 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரி வாங்கினேன். உத்தரவாதம் 36 மாதம். எங்கள் வீட்டு லோடு 400 வாட்: மூன்று ஃபேன், ஐந்து எல்இடி டியூப்லைட், ஒரு டிவி. இதற்கு நாலரை மணி நேரம் வரும் என்று உங்கள் விற்பனையாளர் அட்டையைக் காட்டிச் சொன்னார். இப்போது ஒரு மணி நாற்பது நிமிடத்தில் இன்வெர்ட்டர் கத்தி அணைந்துவிடுகிறது.

முதலில் அந்த நாலரை மணிக் கணக்கே தவறு. 150ஐ 12ஆல் பெருக்கினால் 1800 வாட்-ஹவர். அதை 400ஆல் வகுத்திருக்கிறீர்கள். இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழிக்கவே இல்லை. 80 சதவீதத் திறன் என்று வைத்தால், 400 வாட் கொடுக்க பேட்டரியிலிருந்து 500 வாட் எடுக்க வேண்டும். அப்போதே நேரம் 3.6 மணியாகிறது.

அதுவும் கிடைக்காது. பேட்டரியின் மேல் 150Ah என்பதற்குப் பக்கத்தில் C20 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதாவது 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான் 150. நான் எடுப்பதோ 500ஐ 12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 42 ஆம்பியர். இவ்வளவு வேகமாக இழுத்தால் லெட்-ஆசிட் பேட்டரி சுமார் 105 ஏஹெச் மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆக, நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இரண்டரை மணி. சரி, அதையாவது கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

புகார் சொன்னதும் வந்த டெக்னீஷியன் ஒரே ஒரு 9 வாட் பல்பை அரை மணி எரியவிட்டு, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, உப்புக் காத்துல டெர்மினல் பூத்திருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு பல்புக்கு எந்தப் பேட்டரிதான் தாங்காது? பூத்தது உண்மைதான், கடலோர வீட்டில் அது புதிதல்ல. வெந்நீர் ஊற்றி பச்சையைத் துடைத்து, நட்டை இறுக்கி, வாசலின் தடவினேன். அன்று இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, மறுநாள் மெயினை அணைத்து அதே 400 வாட்டில் பார்த்தேன். மறுபடியும் ஒரு மணி நாற்பதுதான்.

அப்புறம், திரும்ப முழு சார்ஜ் ஏற்றி, தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் ஹைட்ரோமீட்டர் வாங்கி ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியை அளந்தேன். ஐந்து செல்லில் 1240 காட்டியது. பாசிட்டிவ் பக்கத்திலிருந்து மூன்றாவது செல்லில் மட்டும் 1180. தண்ணீர் ஆறு செல்லிலும் ஒரே மட்டம்தான். அந்த ஒரு செல் முதலில் விழுவதால், மற்ற ஐந்தில் சார்ஜ் இருக்கும்போதே மொத்த வோல்ட்டேஜ் இறங்கி இன்வெர்ட்டர் கட் ஆகிறது.

ஆகவே உங்கள் ஆளை ஹைட்ரோமீட்டரோடும் முழு லோடோடும் சோதிக்க அனுப்புங்கள். அந்தச் செல் அப்படியே காட்டினால் உத்தரவாதப்படி பேட்டரியை மாற்றித் தாருங்கள். கடையில் வைத்திருக்கும் அந்த நாலரை மணி அட்டையையும் எடுத்துவிடுங்கள்.

பில் நகலும் உத்தரவாத அட்டை நகலும் இணைத்துள்ளேன். 15 நாளில் பதில் வராவிட்டால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்