யார் மேல் தப்பு என்று கேட்டாயே

அன்புள்ள செந்தில்,

நேற்று ராத்திரி போனில் பேசும்போதே உன் குரலில் இன்னும் அந்தச் சண்டையின் சூடு இருந்தது, அதனால்தான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் அடி இல்லை, அது போதும். இரண்டு வரிசை ஒன்றாகிற இடம், வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன, உன் காரின் முன் மூலையும் அவருடைய பின் கதவும் உரசிக்கொண்டன, அரை மணி நேரம் கத்தினீர்கள், அவர் ஒரு தொகை கேட்டார், நீ மாட்டேன் என்றாய், நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு பிரிந்தீர்கள். "நீயே சொல்லும்மா, யார் மேல் தப்பு?" என்று மூன்று தடவை கேட்டாய்.

எனக்குத் தெரியாது. அங்கே நின்ற உங்கள் இருவருக்கும்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் மோட்டார் க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்து எத்தனையோ பேர் எழுதிக்கொடுத்த வாக்குமூலங்களைப் படித்திருக்கிறேன். உரசல் கேஸ் என்றால் இரண்டு பக்கமும் ஒரே கதைதான்: "நான் மெதுவாகத்தான் வந்தேன், அவர்தான் திடீரென்று நுழைந்தார்." இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை, அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். கடைசியில் முடிவு செய்வது வண்டிகள் நின்ற இடமும், நசுங்கல் எந்த உயரத்தில் இருக்கிறது, கீறல் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதும்தான். ஆகவே நடுரோட்டில் அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டால் பாதிச் சண்டைக்குப் பேச்சே இருக்காது, நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான்.

அடுத்த தடவை (வராமல் இருக்கட்டும், ஆனால் வண்டி ஓட்டுகிறவனுக்கு வரும்) இடித்த சத்தம் கேட்டதும் உடனே கதவைத் திறந்து இறங்காதே. நான்கு இண்டிகேட்டரையும் போடு, எஞ்சினை அணை, கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா பார், அப்புறம் இறங்கு. இதற்குப் பத்து நொடி போகும், அந்தப் பத்து நொடி உனக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. இறங்கியதும் நேராகப் போய் நசுங்கலைக் குனிந்து பார்ப்பது எல்லாருக்கும் கை வந்த பழக்கம், அங்கேதான் கெடுகிறது. முதலில் அவர் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஒன்றும் ஆகலையே? உள்ளே யாராவது இருக்காங்களா?" என்று கேள். சண்டைக்குத் தயாராக இறங்கி வருகிற ஆள் அந்தக் கேள்விக்கு "இல்லை, ஒன்றுமில்லை" என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கத்திச் சொல்ல முடியாது.

அங்கே உன் வாயிலிருந்து வரக்கூடாத வாக்கியம் இரண்டு. "உன்னாலதான் ஆச்சு" என்பது ஒன்று, "என் தப்புதான்" என்பது இன்னொன்று. முதலாவது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது பெருந்தன்மை மாதிரித் தெரியும், ஆனால் நிறைய பாலிசிகளில் நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக்கூடாது என்று நிபந்தனையே உண்டு. "நடந்துவிட்டது, முதலில் போட்டோ எடுத்துவிட்டு வண்டியை ஓரமாகப் போடுவோம், அப்புறம் பேசுவோம்" என்று சொல். யாரையும் குற்றம் சொல்லாத பேச்சு, கூடவே ஒரு வேலையும் கொடுக்கிறது.

அந்த போட்டோ விஷயத்தில்தான் நீ கோட்டை விட்டாய். எல்லாரையும் போல உன் காரின் கீறலை மட்டும் கிட்டே வைத்து எடுத்திருக்கிறாய், அது எந்தச் சாலையில் வேண்டுமானாலும் நடந்ததாக இருக்கலாம். வண்டிகளை நகர்த்தும் முன் கொஞ்ச தூரம் தள்ளி நின்று இரண்டு வண்டியும், சாலைக் கோடும், சக்கரங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். பிறகு நம்பர் பிளேட்டும் அடிபட்ட இடமும் ஒரே படத்தில் வர வேண்டும். கிட்டே எடுப்பது கடைசியில்தான். வேகமாக வண்டிகள் போகிற சாலையானால் இதற்காக நின்றுகொண்டிருக்காதே, உள்ளே இருந்தே ஒரு படம் எடுத்துவிட்டு ஓரம் கட்டு. இரண்டு வண்டிக்கும் நடுவில் மட்டும் எப்போதும் நிற்காதே.

அவர் வண்டியையும் நான்கு பக்கமும் எடுத்து வை, நீ இடிக்காத பக்கத்தையும் சேர்த்து. பழைய கேஸ் ஒன்று ஞாபகம் வருகிறது. பின் பம்பரில் லேசான இடி, அதற்கு எஸ்டிமேட் வந்தபோது கூடவே பக்கத்துக் கதவில் ஒரு பள்ளமும் சேர்ந்து வந்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் பள்ளத்தின் மடிப்பில் துருவும் அதன் மேல் காய்ந்த மண்ணும் இருந்தன. புதுக் கீறலில் தகரம் பளபளவென்று இருக்கும், விரலால் தடவினால் பெயிண்ட் செதில் ஒட்டும், எதிர் வண்டியின் நிறம் கோடாகப் படிந்திருக்கும். அந்தக் கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்த்தால் யார் யாரைக் கடந்துகொண்டிருந்தார் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

ஓரம் கட்டியதும் கூட்டம் பாதி கலைந்துவிடும், ஹாரன் சத்தமும் நிற்கும். இருந்து மத்தியஸ்தம் பண்ணுகிறவர்களிடம் "நாங்களே பேசிக்கொள்கிறோம், நன்றி" என்று சொல்லிவிடு. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்தால் அவர் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்.

இனி பணம். அவர் அங்கேயே ஒரு தொகை கேட்டார், நீ அதிகம் என்றாய். அந்தத் தொகை அதிகமா குறைவா என்று உங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது, அதுதான் வேடிக்கை. இன்றைய பம்பர் பிளாஸ்டிக், இடி வாங்கி உள்ளே போய்விட்டுத் திரும்பப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். வெளியே ஒரு கீறல்தான் தெரியும், கழற்றினால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் வளைந்திருக்கலாம், கிளிப்புகள் உடைந்திருக்கலாம், சென்சார் பிடிமானம் விட்டிருக்கலாம். அதனால் பேரம் பேசும் முன் சில சோதனைகள் செய்துபார். ஓரங்களின் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, கதவும் டிக்கியும் இழுக்காமல் மூடுகிறதா, விளக்கைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா, முன்பக்க இடியானால் வண்டிக்கு அடியில் ஏதாவது சொட்டுகிறதா என்று பார். இதில் ஏதாவது ஒன்று சரியில்லையென்றால் அங்கே தொகை பேசாதே.

உன் கேஸை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கதவில் உரசல், உனக்கு பம்பர் மூலையில் உரசல். இரண்டு பக்கமும் செலவு ஏறக்குறைய ஒன்று, தப்பும் தெளிவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் "அவரவர் வண்டியை அவரவர் பார்த்துக்கொள்வோம்" என்பதுதான் பெரும்பாலும் சீக்கிரம் முடிகிற வழி. இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் போடலாம், ஆனால் பாலிசியில் நீயே ஏற்க வேண்டிய தொகை என்று ஒன்று இருக்கும், செலவு அதைவிடக் குறைவாக இருந்தால் க்ளெய்மில் ஒன்றும் கிடைக்காது. க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்குத் தரும் தள்ளுபடியும் சில பாலிசிகளில் போகும், அதையும் கணக்கில் சேர்.

ஒரு பக்கம்தான் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தால், கையில் பணம் கொடுப்பதை விட எனக்குப் பிடித்த வழி வேறு. ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டி எஸ்டிமேட் வாங்கச் சொல், பணத்தை ஒர்க்‌ஷாப்புக்கே நேராகக் கட்டிவிடு. ஏமாற்றுகிறோமோ, ஏமாறுகிறோமோ என்ற சந்தேகம் இரண்டு பக்கமும் போய்விடும். அங்கேயே முடிக்க வேண்டுமென்றால் வங்கி வழியாக அனுப்பு, பணம் வாங்குகிறவன் நீயானால் அவர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாமல் உன் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்.

எப்படி முடிந்தாலும் ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி நம்பர், இருவருடைய பெயர், எங்கே என்ன சேதம், யாருக்கும் காயமில்லை, இவ்வளவு பணம் கொடுத்தோம் அல்லது அவரவர் பார்த்துக்கொள்கிறோம், இந்தச் சேதத்துக்கு இனி பரஸ்பரம் கேட்பதற்கில்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். ஒன்று மட்டும் கவனம்: அப்படி முடித்த பிறகு உள்ளே சட்டம் வளைந்திருப்பது தெரிந்து இன்ஷூரன்ஸுக்குப் போனால் அவர்கள் மறுக்க வாய்ப்புண்டு, அந்த ஆளிடம் அவர்கள் வசூலிக்கும் வழியை நீயே அடைத்துவிட்டாய் அல்லவா. லைசென்ஸையும் மற்ற ஆவணங்களையும் காட்டலாம், போட்டோ எடுக்க விடலாம், ஆனால் அசலையோ சாவியையோ கையில் கொடுக்காதே. போன் நம்பரை வாங்கியதும் அங்கேயே ஒரு ரிங் விட்டுப் பார்.

யாருக்காவது வலி என்றால், எதிரில் இருப்பவர் குடித்திருந்தால், லைசென்ஸோ இன்ஷூரன்ஸோ இல்லையென்றால், வண்டி அவருடையதே இல்லையென்றால், இதெல்லாம் அங்கே பேசி முடிக்கிற விஷயமில்லை, போலீஸைக் கூப்பிடு. கழுத்து வலி சில சமயம் மறுநாள்தான் தெரியும் என்பதையும் மறக்காதே. சின்ன இடியைக்கூடப் போலீஸுக்கோ இன்ஷூரன்ஸுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சில இடங்களில் விதி இருக்கிறது, நீ இருக்கும் இடத்தில் எப்படி என்று கேட்டு வை. ஆள் கை ஓங்குகிற ரகமென்றால் பேசவே பேசாதே, காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டு போன் பண்ணு.

உன் விஷயம் இன்னும் முடியவில்லை, அவர் கூப்பிடும் வரை காத்திருக்காதே. இன்றைக்கே இப்படி ஒரு மெசேஜ் அனுப்பு: "வணக்கம், நேற்று உரசிக்கொண்ட வண்டிக்காரன் நான். இரண்டு பேருமே கோபத்தில் பேசிவிட்டோம். என் பக்கப் படங்களை அனுப்புகிறேன், உங்கள் பக்கம் இருப்பதை அனுப்புங்கள். இரண்டு பேரும் எஸ்டிமேட் வாங்கிவிட்டுப் பேசலாமா?" தப்பு யாருடையது என்று அதில் ஒரு எழுத்தும் வரக்கூடாது. பதில் வந்ததும் எனக்கு அனுப்பு. உன் பம்பரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று உள்ளே ஒரு படம் எடுத்து அதையும் அனுப்பு, அந்தச் சட்டத்தை நான் பார்க்க வேண்டும்.

அம்மா