தமிழையா எடுத்த கணக்கு வகுப்பு

அன்புள்ள சிகப்பி,

இங்கு எல்லாரும் நலம். மகளின் பிரசவத்துக்காக நீ தை மாதம் நெடுக லீவு போடப் போகிறாய் என்று அழகம்மை சொன்னாள். ஆச்சி ஆகப் போகிறவளே, சந்தோஷம். ஆனால் லீவு எழுதிக் கொடுக்கும் முன் இதை முழுசாகப் படி.

ஆத்தா வளவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். பழைய அதட்டலும் திரும்பிவிட்டது, கவலைப்படாதே.

நான் சொல்ல வந்தது வகுப்பைப் பற்றி. மறுநாள் காலையே நான் மதுரைக்குக் கிளம்ப வேண்டும். பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு பாதியில் நிற்கிறது. வேறு கணக்கு டீச்சர் யாருக்கும் பீரியட் ஒழியவில்லை, தமிழையாதான் எடுக்கப் போகிறார். "பாடக் குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், போதும்" என்றார் ஹெச்.எம். அது போதாது, சிகப்பி. அதில் இருப்பது நான் நடத்தப் போவது. மணி அடித்ததும் கணக்கே எடுக்காத ஒருவர் என்ன செய்வார் என்பது அதில் எங்கே இருக்கிறது? ராத்திரி உட்கார்ந்து தனியாக எழுதினேன்.

முதல் முடிவு, புதுப் பாடம் வேண்டாம் என்பது. காரணிப்படுத்தித் தீர்ப்பது வரை நடத்தியாகிவிட்டது, சூத்திரம் நான் வந்து நடத்துவேன், அதுவரை பயிற்சி மட்டும் என்று மேலேயே எழுதினேன். ஒரு பீரியடுக்கு ஒரு தாள். முதல் பத்து நிமிடம் ஒரு கணக்கைப் பிள்ளைகளில் ஒருவர் போர்டில் போட வேண்டும். அடுத்த இருபது நிமிடம் இரண்டிரண்டு பேராக நோட்டில் ஐந்து கணக்கு. மிச்ச நேரம் திருத்துவதற்கு.

அந்தத் திருத்துகிற இடத்தில்தான் வெகுநேரம் யோசித்தேன். விடையை மட்டும் கொடுத்தால், தப்பு எங்கே நடந்தது என்று தமிழையாவால் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் முழு வழியையும், பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் வழியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். உதாரணத்துக்கு,

x(x − 2) = 8

பாதி வகுப்பு x = 8 என்றும் x − 2 = 8 என்றும் பிரித்து, 8, 10 என்று விடை எழுதும். ஒரு பக்கம் பூச்சியம் இருந்தால்தான் அப்படிப் பிரிக்கலாம். சரியான வழி x² − 2x − 8 = 0, அதாவது (x − 4)(x + 2) = 0. விடை 4, −2. "சந்தேகம் வந்தால் விடையை முதல் வரியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா" என்று கீழே எழுதினேன். 8 போட்டால் 8 × 6 = 48, இடிக்கிறது. 4 போட்டால் 4 × 2 = 8, சரி. இதற்குப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஆனால் இந்தச் சோதனை தப்பான விடையைத்தான் பிடிக்கும், விட்டுப்போன விடையைப் பிடிக்காது. x² = 5x என்ற கணக்கில் பிள்ளைகள் இரு பக்கமும் x-ஆல் வகுத்து 5 என்று முடித்துவிடுவார்கள். போட்டுப் பார்த்தால் 5 சரியாகத்தான் வரும், 0 மட்டும் காணாமல் போயிருக்கும். ஆகவே, 'எல்லாக் கணக்குக்கும் இரண்டு விடை, ஒன்றே வந்தால் விடாதீர்கள்' என்று தாளின் தலையில் எழுதினேன். அந்த வரி பொய்யாகிவிடக் கூடாதே, அதனால் (x − 3)² = 0 மாதிரி ஒரே விடை வரும் கணக்குகளைக் கட்டில் சேர்க்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம். கண் பார்வை குறைந்தவள் எந்த பெஞ்சில் உட்கார வேண்டும், எழுப்பிக் கேட்டால் வாயே திறக்காத பையன் பக்கத்தில் போய்க் கேட்டால் எப்படிச் சொல்வான், இந்த மாதிரி. வலிப்பு வரும் பிள்ளையைப் பற்றி மட்டும் தாளில் எழுதவில்லை. அந்தக் கட்டு ஸ்டாஃப் ரூம் மேஜையில் கிடக்கும், யார் கையிலும் படும். ஹெச்.எம்.மிடமும் தமிழையாவிடமும் நேரில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

கடைசியில் ஒரு வெற்றுத்தாள். எங்கே நின்றது, யார் வரவில்லை, எந்தக் கணக்கில் அதிகம் பேர் தடுக்கினார்கள் என்று மூன்றே கேள்வி. நீ இதை அவசியம் வை. தமிழையா தினமும் எழுதியிருந்தார், அவருடைய மணி மணியான கையெழுத்தில். 'x² = 5x, பதினான்கு பேர் ஒரே விடை' என்று ஒரு நாள். திரும்பி வந்ததும் சூத்திரத்தை ஆரம்பிக்காமல் அந்தக் கணக்கைத்தான் முதலில் போர்டில் எழுதினேன்.

உனக்குப் பதில் யார் எடுக்கப் போகிறார்கள்? கணக்குக்காரரா, வேறு பாடக்காரரா? அதைப் பொறுத்துத்தான் தாள் எழுத வேண்டும். தெரிந்ததும் எழுது, தை பிறக்க நாளிருக்கிறது. என் தாள்களை ஜெராக்ஸ் எடுத்து அழகம்மையிடம் கொடுத்து அனுப்புகிறேன், அந்தப் பலகாரத் தூக்கு மாதிரி தேவகோட்டையிலேயே நின்றுவிடாமல் இருந்தால் சரி.

அன்புடன்,
வள்ளி