பதிவேட்டுக்கு வராத மதுச் சாவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மதுப்பழக்கம் குறித்து வெளியான கட்டுரையில், "மதுவால் இறந்தவர்களின் எண்ணிக்கை அரசுப் பதிவேடுகளில் தெளிவாக உள்ளது, அதைவிடப் பல மடங்காகச் சொல்லப்படுவன வெறும் ஊகங்கள்" என்றொரு வாக்கியம் இடம்பெற்றிருந்தது. ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் 22 ஆண்டுகள் இறப்புச் சான்றுகளுக்குக் குறியீடு இட்டு ஓய்வுபெற்றவன் நான். தெளிவானது என்று தாங்கள் அச்சிட்ட அந்த எண்ணிக்கை என்னைப் போன்றவர்களின் மேசையிலிருந்துதான் புறப்படுகிறது என்பதால், அந்த வாக்கியத்தைக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

இறப்புக்கான மருத்துவச் சான்றில் இரண்டு பகுதிகள் உண்டு என்பது தாங்கள் அறியாததன்று. உடனடியாக உயிரைப் பறித்தது எது, அது எதனால் வந்தது, அதற்கும் அடியில் இருந்தது எது என்று முதற்பகுதியில் வரிவரியாகக் கீழிறங்கி எழுத வேண்டும். துணைநின்ற பிற காரணங்கள் இரண்டாம் பகுதிக்குப் போகும். இவற்றுள் முதன்மைப் புள்ளிவிவரத்தில் ஏறுவது அடிப்படைக் காரணம் எனப்படும் ஒன்றே ஒன்று. என்னிடம் வந்த சான்றுகளில் ஒன்று இன்றும் கண்முன் நிற்கிறது. முதல் வரியில் இரத்த வாந்தி, இரண்டாம் வரியில் உணவுக்குழாயில் புடைத்திருந்த இரத்தநாளங்கள் வெடித்தது, மூன்றாம் வரியில் கல்லீரல் சுருக்கம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. "மதுவால்" என்ற ஒரு சொல் அங்கே இருந்திருந்தால், மதுவால் வந்த கல்லீரல் சுருக்கத்துக்குரிய K70.3 என்ற குறியீட்டை இட்டிருப்பேன். அந்தச் சொல் இல்லாததால், காரணம் குறிப்பிடப்படாத கல்லீரல் சுருக்கத்துக்குரிய K74.6 என்பதை இட்டேன். முதலாவது மதுச் சாவுகளின் கூட்டுத்தொகையில் சேரும். இரண்டாவதை அந்தக் கணக்கில் சேர்க்காத நாடுகள் உண்டு. பல ஆண்டுகளாக அன்றாடம் குடிப்பவர் என்று அந்த நோயாளியின் கேஸ் ஷீட்டில் சேர்க்கையின்போதே எழுதியிருந்தார்கள். ஆனால் சான்றில் இல்லாததைக் குறியீடு இடுபவர் தாமாகச் சேர்க்கக் கூடாது என்பது விதி; இறந்தவர் என் அண்ணன் என்பதற்காக அதை நான் மீற முடியாது.

அந்தச் சொல்லை எழுத வேண்டாம் என்று பணி மருத்துவரிடம் கைகூப்பிக் கேட்டவர் என் அண்ணி. பிள்ளைகள் அந்தத் தாளைக் காலமெல்லாம் வைத்திருக்க வேண்டுமே என்றார். காப்பீட்டுத் தொகை நின்றுபோகுமோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அண்ணியையும் மருத்துவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். விடிகிற நேரத்தில், அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் எதிரில் நின்று அந்த வரியை நிரப்ப எத்தனை பேருக்கு மனம் வரும்?

விபத்துப் பிரிவில் நிலைமை வேறு. உடல் மதுவைத் தானே எரித்துக்கொண்டிருக்கிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் மணிக்கு ஏறக்குறைய 15 முதல் 20 மில்லிகிராம் வீதம் அது குறைந்துகொண்டே போகும். தலைக்காயத்துடன் வருபவருக்கு முதல் வேலை உயிரைக் காப்பாற்றுவது. காலையில் யாரேனும் நினைத்துக்கொண்டு இரத்தம் எடுத்து அனுப்பும்போது, இரவில் 120 மில்லிகிராம் இருந்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றே முடிவு வரும். பத்து நாள் கழித்து அவர் நிமோனியாவில் இறந்தால், குடித்திருந்தார் என்பதற்கு எந்தத் தாளிலும் சான்று இராது. குடித்த ஓட்டுநரின் வண்டி மோதி இறந்த பாதசாரியின் சான்றிலோ மதுவைப் பற்றி எழுத இடமே இல்லை, ஏனெனில் அவர் குடித்தவரல்லர்.

இப்போது தங்கள் கட்டுரையாளர் ஊகம் என்று தள்ளிய மதிப்பீட்டுக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோயால் இறந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கட்டி மதுவால் வந்ததா இல்லையா என்று உலகில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் மக்கள்தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டால், குடிப்பவர்களிடம் அந்நோய் எத்தனை மடங்கு கூடுதலாக வருகிறது என்பதை அளக்க முடியும். அந்த மடங்கையும், குடிப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் கொண்டு, நோயின் எந்தப் பங்கு மது இல்லாதிருந்தால் வந்திருக்காது என்று கணக்கிடுகிறார்கள். புரிவதற்காக நானே எண்களை வைத்துச் சொல்கிறேன். ஓரிடத்தில் 1,000 பேர் கல்லீரல் சுருக்கத்தால் இறக்கிறார்கள். மக்களில் 30 விழுக்காட்டினர் குடிப்பவர்கள். அவர்களுக்கு ஆபத்து 6 மடங்கு என்று கொள்வோம். கூடுதல் ஆபத்தான 5 மடங்கை 0.3 ஆல் பெருக்கினால் 1.5. அதை 1 + 1.5, அதாவது 2.5 ஆல் வகுத்தால் 0.6. ஆகவே 600 இறப்புகள் மதுவைச் சாரும். மருத்துவர்கள் 250 சான்றுகளில் மட்டுமே மதுவை எழுதியிருந்தால் பதிவேடு 250 என்றே காட்டும். எஞ்சிய 350 பேர் எவருடைய கற்பனையிலும் பிறந்தவர்கள் அல்லர்.

இந்தக் கணக்கும் கூடுதலாகத்தான் சொல்லும் என்று எண்ண வேண்டாம். வீடுவீடாகச் சென்று கேட்டால் மக்கள் தங்கள் குடியைக் குறைத்தே சொல்கிறார்கள். மிகுதியாகக் குடிப்பவர்களில் பலரோ மருத்துவமனையிலும் சிறையிலும் தெருவிலும் இருப்பதால் கணக்கெடுப்பவரின் கண்ணில் படுவதேயில்லை. மேற்சொன்ன 30 விழுக்காடு 20 என்று பதிவானால், 600 இறப்புகள் 500 ஆகிவிடும். எனவேதான் ஆய்வாளர்கள், மக்கள் குடித்ததாகச் சொன்ன மொத்த அளவை வரிவசூல், விற்பனைக் கணக்குகளோடு ஒப்பிட்டு உயர்த்துகிறார்கள். கணக்கில் வராத கள்ளச் சாராயத்துக்கும் வீட்டு வடிப்புக்கும் தனியே ஓர் அளவு சேர்க்கிறார்கள். ஓரிடத்து ஆய்வில் கிடைத்த ஆபத்து மடங்கை வேறிடத்துக்குப் பொருத்துவதில் பிழை நேரலாம் என்பது உண்மையே. அதனால்தான் ஒற்றை எண்ணோடு நில்லாமல், கீழெல்லையும் மேலெல்லையும் தந்து எழுதுகிறார்கள். இவ்வகையில்தான் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 26 லட்சம் இறப்புகள், அதாவது மொத்த இறப்புகளில் 4.7 விழுக்காடு, மதுவைச் சார்ந்தவை என்று மதிப்பிட்டது. அவற்றில் ஏறக்குறைய 4 லட்சம் புற்றுநோய் இறப்புகள். அந்த 4 லட்சத்தை எந்த மருத்துவச் சான்றில் தேடச் சொல்கிறார் தங்கள் கட்டுரையாளர்?

கள்ளச் சாராயத்தில் மெத்தனால் கலந்து ஓரிரவில் பலர் மாண்டபோது, தங்கள் இதழ் ஒவ்வொருவராக எண்ணி முதற்பக்கத்தில் எழுதியது, அது சரியே. எண்ண முடியாதபடி ஆண்டுக்கணக்கில் மெதுவாக இறப்பவர்களையும் எழுதுங்கள் என்று அப்போதே எழுதினேன். என் கடிதத்தை நான்கு வரியாகச் சுருக்கி, குறியீடு பற்றிய பகுதியை நீக்கி வெளியிட்டீர்கள். வருத்தத்தோடு பொறுத்துக்கொண்டேன். நீக்கப்பட்ட அந்தப் பகுதியை அன்று அச்சிட்டிருந்தால், இன்று இந்த வாக்கியம் தங்கள் இதழில் இடம்பெற்றிருக்காது என்றே நம்புகிறேன்.

நான் கேட்பது சிறு திருத்தம்தான். கட்டுரையில் தந்த எண்ணிக்கை, சான்றில் மது என்று எழுதப்பட்டு அடிப்படைக் காரணமாகக் குறியீடு இடப்பட்ட இறப்புகளை மட்டுமே குறிக்கும் என்று அடுத்த இதழில் ஒரு வரி வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் வேறெதையும் வெட்டிக்கொள்ளுங்கள், K74.6 என்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மருத்துவப் பதிவேட்டு அலுவலர்